பஞ்சு எடுத்தாயிற்று, விக்கல் போகவில்லை: 8 ஜிபி 3070-யோடு மூன்று வருடம்

சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் தறி ஓடுகிறது. கம்ப்யூட்டரைத் திறந்தால் எப்போதும் பஞ்சு இருக்கும். அதனால் என் 3070 கிராபிக்ஸ் கார்டில் கேம் நடுவில் விக்க ஆரம்பித்தபோது சூடுதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். காந்திபுரத்தில் ஒரு கடையில் கொடுத்து, ஹீட்சிங்க்கில் பாய்போலப் படிந்திருந்த பஞ்சை எடுத்து, சூடு கடத்தும் பேஸ்ட்டும் மாற்றினேன். 84 டிகிரியில் நின்ற கார்டு 70-க்கு இறங்கியது. விக்கல் அப்படியே இருந்தது. "கார்டுல ஒரு கோளாறும் இல்லீங்ணா" என்றார் கடைத்தம்பி. அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

சூட்டில் திணறும் கார்டு மெல்ல மெல்ல வேகம் குறையும். கார்டைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பார்த்தால், சிப்பின் ஓட்ட வேகமான கிளாக் படிப்படியாக இறங்குவது தெரியும். என் கார்டில் கிளாக் அசையவே இல்லை. விநாடிக்குச் சராசரி ஃப்ரேம் 70-க்கு மேல் இருந்தது. ஆனால் கேமராவைத் திருப்பினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் கோடு மட்டும் முள்ளாகக் குத்தி நிற்கும். புது இடத்துக்குள் நுழைந்தாலும் அதே கதை. கேம் தொடங்கிய முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அரை மணி நேரம் போனால் மோசமாகும். சுவர், தரை மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினேன், சராசரி பெரிதாக மாறவில்லை, முள் மட்டும் மறைந்தது. நினைவகம் போதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கார்டில் இருக்கும் 8 ஜிபி நினைவகம், விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் சிப்புக்குச் சரக்கு கொடுக்கிறது. அது நிரம்பிவிட்டால் மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகும். அங்கிருந்து பிசிஐஇ 4.0 பாதையில் வரும்போது வேகம் சுமார் 32 ஜிபிதான். நான்கு வழிச்சாலையில் வந்த லாரி திடீரென்று வாய்க்கால் மேட்டில் ஏறிய மாதிரி. சிப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் சரக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான். சில கேம்கள் இந்த விக்கலைக் காட்டாமல், சத்தமில்லாமல் டெக்ஸ்சரைக் குறைத்துவிடும். சுவர் எல்லாம் சேறு பூசியது போல இருக்கும், ஃப்ரேம் எண் மட்டும் ஜோராக ஓடும். எண்ணை மட்டும் பார்த்து விமர்சனம் செய்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இங்கேதான்.

இப்போது இதை எழுதக் காரணம், பெருந்துறை மாப்பிள்ளை ஒருத்தன் கேட்ட கேள்வி. "மாப்ள, பழைய 3070 ஒண்ணு வருது, 3060 12 ஜிபியும் வருது. எதை எடுக்கட்டும்? மூணு வருசம் ஓடோணும்."

இன்றைக்கு ஓட்டிப் பார்த்தால் 3070 வேகமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று வருடக் கணக்கு வேறு. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் மொத்தம் 16 ஜிபி. பெரிய கேம்களின் டெக்ஸ்சரை அந்த அளவை வைத்துத்தான் செய்கிறார்கள். வேகம் பற்றாமல் போனால் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போட்டுச் சமாளிக்கலாம், நிழலைக் குறைக்கலாம். டெக்ஸ்சருக்கு அது பெரிதாக உதவாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்குக் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி. அதில் டெக்ஸ்சர் பூல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. குறைத்து வைத்தால் என் கார்டில் அறுபதுக்கு மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். தாங்குகிற அளவுக்கு ஒரு படி மேலே வைத்தால் மாட்டு வண்டி. நடுவில் ஒன்றும் கிடையாது.

அதற்காக ஜிபியை மட்டும் எண்ணி வாங்கவும் கூடாது. 1080 டிஐ-யில் 11 ஜிபி இருக்கிறது, ஆனால் இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம், அது இல்லாமல் தொடங்கவே தொடங்காது. 4060 டிஐ-யை 2023-இல் 8, 16 என்று இரண்டாக விட்டார்கள். இரண்டிலும் ஒரே சிப்தான். நினைவகம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று பார்க்க அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிய சோதனைகளைப் பார்த்தாலே போதும்: நிரம்பாத கேமில் இரண்டும் ஒன்று, நிரம்பிய கேமில் எட்டு மட்டும் தடுக்கி விழும்.

ஆகவே மாப்பிள்ளையிடம் 3060 எடு என்றேன். மெதுவாக மூப்படையும், வருடத்துக்கு ஒரு அமைப்பைக் குறைத்துக்கொண்டு போகலாம். 3070 அப்படி இல்லை, ஒரு கேமில் ராஜா, அடுத்ததில் விக்கல்.

"சரி, அப்ப உன்ற கார்டு எவ்வளவுக்குத் தர்ற?" என்றான்.

பஞ்சு எடுத்த பிறகு விசிறிச் சத்தமே கேட்பதில்லை. 1080பி-யில் டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்தால் இன்னும் எல்லாமே ஓடுகிறது. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.