"அனுப்பியாச்சு" என்ற ஒரு சொல்லை நம்பி 39 பேரை அழைக்காமல் விட்டோம்

தம்பி கல்யாணத்துக்கு வெளிநாட்டு உறவினர்களை அழைக்கும் பொறுப்பு என்னுடையது. மொத்தம் 58 பேர். அழைப்பிதழை வாட்ஸாப்பில் அனுப்பி, நினைவூட்டி, யார் வருகிறார்கள், எத்தனை பேர், எந்தத் தேதியில் என்று கணக்கு வைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. இதே முறையில் வேலை செய்பவர்கள் இன்னும் பலர் இருக்கலாம். அதனால் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு முதல் அழைப்பு போனது. அப்புறம் இரண்டு நினைவூட்டல்கள். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஓர் அட்டவணை வரும். 58 பேருக்கும் நேராக "அனுப்பப்பட்டது" என்று இருக்கும். பதில் பகுதியில் 16 பேர் "வருகிறார்", 3 பேர் "வரவில்லை". மீதி 39 பேருக்குப் பதில் இல்லை. கடைசி அட்டவணையில் அந்த 39 பேரையும் அவர்களாகவே "வரவில்லை" பக்கம் மாற்றிவிட்டார்கள். அதைப் பார்த்து நாங்களும் தங்கும் அறைகளைக் குறைத்துவிட்டோம்.

மூன்று வாரம் இருக்கும்போது சித்தி அழைத்தார். "என்னம்மா, தம்பிக்குக் கல்யாணமாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே?" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர். எனக்குப் பேச்சே வரவில்லை.

மறுநாள் நிறுவனத்துக்கு நேரில் போய், அனுப்பிய போனைக் காட்டச் சொன்னேன். அவர்கள் தங்கள் எண்ணிலிருந்து பிராட்காஸ்ட் லிஸ்ட் வழியாக அனுப்பியிருந்தார்கள். இது குழு மாதிரி இல்லை. ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் செய்தியாகப் போகும். ஆனால் அனுப்புகிற எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் எண்ணை எங்கள் சித்தி எதற்குச் சேமிக்கப் போகிறார்? அனுப்பியவருக்குப் பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. செய்தி அவர் திரையில் போனது போலவே நிற்கும்.

செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பக்கத்தைத் திறந்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார் என்று பெயர் வாரியாகத் தெரியும். திறந்து பார்த்தோம். 19 பெயர்கள்தான் இருந்தன. முன்னமே நான் போனில் பேசி, "இந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும், சேமித்துக்கொள்ளுங்கள்" என்று தற்செயலாகச் சொன்னவர்கள் அவர்கள். மீதி 39 பேருக்கு முதல் அழைப்பும் சேரவில்லை, நினைவூட்டல்களும் சேரவில்லை. அதே லிஸ்டில் எத்தனை தடவை அனுப்பினாலும் அதே 19 பேருக்குத்தான் போகும். அந்த 39 எண்களில் ஆறு, நாட்டுக் குறியீடு இல்லாமலே பதிவாகியிருந்தன. அவர்கள் நிறுவனத்தின் எண்ணைச் சேமித்திருந்தாலும் செய்தி சேர்ந்திருக்காது.

எனக்குப் பொறுக்க முடியாதது அந்தத் தகவல் பக்கத்தை இத்தனை நாளில் ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான். கேட்டதற்கு, "எங்கள் வேலை அனுப்புவது மட்டும்தான், மேடம்" என்றார் அங்கிருந்தவர். அப்படியானால் பதில் கணக்குக்கு ஏன் தனிக் கட்டணம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

அன்று இரவே 39 பேரையும் என் எண்ணிலிருந்து அழைக்கத் தொடங்கினேன். இரண்டு நாள் ஆனது, அவரவர் ஊர் நேரம் பார்த்துப் பேச வேண்டியிருந்ததால். 17 பேர் எப்படியோ கிளம்பி வந்தார்கள். மற்றவர்களுக்கு விடுப்போ விசாவோ மூன்று வாரத்தில் கிடைக்கவில்லை. சித்திக்கும் விசா கிடைக்கவில்லை.

இப்படி யாரிடமாவது வேலை கொடுப்பதாக இருந்தால், எந்த எண்ணிலிருந்து, எந்த வழியில் அனுப்புவீர்கள் என்று முதலில் கேளுங்கள். பிராட்காஸ்ட் என்றால் குடும்பத்தில் எல்லோரும் சேமித்து வைத்திருக்கும் ஒருவரின் எண்ணிலிருந்தே போகட்டும். அனுப்பிய இரண்டாம் நாள் தகவல் பக்கத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். படித்தது தெரியாதபடி சிலர் அமைத்திருப்பார்கள், அது பரவாயில்லை. சேர்ந்ததா என்பதுதான் முக்கியம். சேராதவர்களுக்கு அன்றே போன் செய்யுங்கள். அவர் பிறகு எண்ணைச் சேமித்துக்கொண்டாலும் பழைய செய்தி தானாக வராது, மறுபடி அனுப்ப வேண்டும்.

அட்டவணையில் "சேரவில்லை", "சேர்ந்தது, பதில் இல்லை", "வரவில்லை" மூன்றும் தனித்தனியாக இருக்கச் சொல்லுங்கள். அவரே தன் வாயால் சொல்லாதவரை யாரையும் "வரவில்லை" என்று எழுத விடாதீர்கள்.