குளிர்காலப் பாட்டிலில்: தனித் தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெய் கலந்ததா?

உறைவது
தனி: சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகும். கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம். அந்த நேரான, குட்டையான கொழுப்புச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்காகிப் படிகமாகின்றன.
கலவை: நல்லெண்ணெயின் சங்கிலிகள் வளைந்தவை, அந்த அடுக்குக்குள் சேராது. அதனால் இன்னும் குளிர்ந்த பிறகே கலங்கத் தொடங்கும், கூழாகி மெல்ல இறுகும்.

உருகுவது
தனி: 24-ஐ ஒட்டிய ஓரிரு டிகிரிக்குள் கட்டி தெளிந்துவிடும்.
கலவை: ஒரே புள்ளி கிடையாது. வெப்பம் ஏற ஏறப் படிகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நல்லெண்ணெயில் கரையும்.

சிக்கல்
தனி: வாய் குறுகிய பாட்டிலில் காலையில் ஒரு சொட்டும் வராது. வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்தினால் போதும். அகன்ற டப்பாவென்றால் அதுவும் வேண்டாம்.
கலவை: இதில்தான் பலர் ஏமாறுவது. படிகங்கள் அடியில் தங்கிவிட, மேலே ஊற்றுவது பெரும்பாலும் நல்லெண்ணெயாக இருக்கும். பாட்டில் முழுவதையும் தெளியும்வரை சூடாக்கிக் குலுக்குங்கள்.

கலப்படச் சோதனை
ஃபிரிட்ஜில் முழுதும் இறுகாமல் திரவம் தங்கினால் கலப்பு என்று சந்தேகிக்கலாம். இறுகினால் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பாமாயில் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அப்படியே இறுகும்.

காலையில் தலைக்குத் தேய்க்கக் கலவை வசதி. தேங்காய் மணம் வேண்டிய சமையலுக்குத் தனி எண்ணெய்தான்.