வரியா, கடனா, அச்சடித்த பணமா: பற்றாக்குறையை யார் சுமக்கிறார்கள்?

அரசின் செலவு வரவை மிஞ்சினால் மூன்று வழி உண்டு: வரியை ஏற்றலாம், கடன் வாங்கலாம், புதிதாகப் பணத்தை உருவாக்கிக்கொள்ளலாம். மூன்றிலும் யாரோ ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும்.

வரி பில்லிலேயே தெரிந்துவிடும். அதற்குச் சட்டசபையோ நாடாளுமன்றமோ கை தூக்க வேண்டும். கடன் என்றால் பத்திரங்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாங்குகின்றன. வட்டிச்சுமை பட்ஜெட்டில் ஆண்டுதோறும் அப்பட்டமாக நிற்கும்.

அச்சடிக்கும் வழியில் எதுவும் கண்ணில் படாது. 1,000 கோடி ரூபாய் புழங்கும் ஒரு சின்ன நாட்டை எடுத்துக்கொள்வோம். உற்பத்தி 6% வளர்ந்தால் கொடுக்கல் வாங்கலுக்கே இன்னும் 60 கோடி தேவைப்படும். அரசு 100 கோடியை உருவாக்கிச் செலவழிக்கிறது. இந்த 100 கோடி முழுவதும் பணத்தை வெளியிடும் உரிமையால் கிடைத்த வருவாய். இதைத்தான் சீனியரேஜ் என்கிறார்கள். அதில் 60 கோடியை வளர்ச்சியே உள்வாங்கிக்கொள்ளும், யாருக்கும் நட்டமில்லை. மிச்சம் 40 கோடி விலைவாசியை ஏறத்தாழ 4% தூக்கிவிடும். அதுதான் பணவீக்க வரி.

அதைக் கட்டுவது யார்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்கும் ஓர் அக்கா, 20,000 ரூபாய் கைமுதலைச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். விலைவாசி 10% ஏறினால், வருட முடிவில் அந்தப் பணம் பழைய விலையில் சுமார் 18,200 ரூபாய்ச் சரக்குக்குத்தான் காணும். 1,800 ரூபாய் போனதற்கு ரசீது கிடையாது. தெற்காவணி மூல வீதியில் நகையாக வாங்கி வைத்தவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். நிலையான வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு லாபம். நாட்டிலேயே பெரிய கடனாளி அரசுதான். ரொக்கத்தில் பிழைப்பவர் மேல் விழும் இந்த வரியை நான் மூன்றிலும் அநியாயமானது என்பேன்.

அரசுக்கும் இது நெடுநாள் கைகொடுக்காது. விலை ஏறுவதைப் பார்த்த ஜனங்கள் பணத்தைக் கையில் வைக்காமல் பொருளாக, தங்கமாக மாற்றுவார்கள். கையிருப்பின் மதிப்பு 500 கோடியாகச் சுருங்கினால் அதே 40 கோடியை எடுக்க 8% விலையேற்றம் வேண்டும். 250 கோடியானால் 16%. ஜிம்பாப்வே 2009 தொடக்கத்தில் 100 லட்சம் கோடி டாலர் நோட்டையே வெளியிட்டது. அதே ஆண்டு சொந்த நாணயத்தைக் கைவிட்டது.

நம் நாட்டிலும் மத்திய அரசுக்குப் பணம் குறைந்தால், தற்காலிகக் கருவூல உண்டியல்கள் என்ற குறுகிய காலக் கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி தானாகவே பணம் தரும் ஏற்பாடு 1997 வரை இருந்தது. 2006 ஏப்ரல் முதல், விதிவிலக்கான சூழல் தவிர, அரசின் புதுப் பத்திரங்களை அது நேரடியாக வாங்கவும் முடியாது. சந்தையில் மற்றவர்களிடமிருந்து வாங்கலாம். அதனால் சட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது: ரிசர்வ் வங்கி கையிலுள்ள அரசுப் பத்திரங்களும் அது வெளியிட்ட பணமும் உற்பத்தியைவிட வேகமாக, வருடக்கணக்கில் சேர்ந்தே பெருகினால், இந்த வரி வசூலாகிறது என்று சந்தேகிக்கலாம்.