இயர்பட்ஸ் போதாதா? வயர்லெஸ் இன்-இயர் பற்றி ஒரு கீபோர்டுக்காரனின் புலம்பலும் பாராட்டும்

கிடார் வாசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "கையில் நல்ல இயர்பட்ஸ் இருக்கிறது. மிக்சரில் ஒரு ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் செருகினால், மேடையில் நாம் வாசிப்பதை நாமே கேட்க மானிட்டர் ரெடி. அப்புறம் எதற்குத் தனியாக ஒரு வயர்லெஸ் இன்-இயர் செட்?" மிக்சரின் ஒலியை டிரான்ஸ்மிட்டர் அனுப்ப, உடம்பில் மாட்டிய ரிசீவர் வாங்கிக் காதுக்குத் தரும் செட் அது. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் வகை ஒன்றை நான் மேடையில் நீண்ட நாளாகப் பயன்படுத்துகிறேன் என்பதால் என்னிடம் வந்தார். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தைய நிகழ்ச்சியில்தான் அந்த செட் என் மானத்தை வாங்கியிருந்தது. இருந்தாலும் நியாயமாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் தாமதம். இதை வாயால் விளக்குவதைவிட வீட்டில் அளந்து பார்ப்பது எளிது. கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, லைன் அவுட்டில் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரை மாட்டுங்கள். ஒரு இயர்பட்டைப் போனின் மைக்குக்கு அருகில் வைத்து ரெக்கார்ட் செய்துகொண்டே கட்டையை ஓங்கித் தட்டுங்கள். விரல் கட்டையில் மோதும் 'டக்' முதலில் பதிவாகும், பிறகு இயர்பட்டிலிருந்து ஸ்வரம் வரும். அந்த ரெக்கார்டிங்கை Audacity என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண முறையான SBC இணைப்பில் எனக்கு 190 மில்லிசெகண்டை ஒட்டி வந்தது. அதே சோதனையை இன்-இயர் செட்டில் செய்தால் டக்கும் ஸ்வரமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இடைவெளி தெரியும். இவ்வகை டிஜிட்டல் செட்டுகளில் தாமதம் 5 மில்லிசெகண்ட் அளவில்தான்.

190 என்றால் எவ்வளவு? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 5 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நிற்பது. அது யாருக்கும் உறைக்காது. 190 என்பது 65 மீட்டர் தள்ளி நிற்பது. 120 டெம்போவில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கு 125. அதாவது கால் பீட்டையும் தாண்டிப் பிந்தி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும்.

"எல்லாருடைய சத்தமும் ஒரே அளவு பிந்தினால் பரவாயில்லையே?" என்றார் நண்பர். அங்கேதான் சிக்கல். டிரம்மர் அடிப்பது என் காதுக்கு 190 பிந்தி வருகிறது. அதைக் கேட்டு நான் கட்டையை அழுத்தினால் சபைக்கு நான் 190 பிந்தி. நான் அழுத்திய ஸ்வரமோ என் காதுக்கு இன்னும் ஒரு 190 கழித்து வரும். காதில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து விழ வேண்டுமென்றால், டிரம்மர் அடிக்கும் அதே கணத்தில், அவர் அடித்தது காதில் விழும் முன்பே, நான் அழுத்தியாக வேண்டும். இதற்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டு இழுபடத் தொடங்கிவிடும். பாடகருக்கு இன்னும் கொடுமை. அவருடைய குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடும், இயர்பட்டில் வருவது எதிரொலிபோல் பின்னால் வரும். இயர்பட்ஸில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு போட்டால் தாமதம் பாதிக்கும் கீழே இறங்கலாம். வாசிப்பதற்கு அதுவும் போதாது.

வீடியோ பார்க்கும்போது இது ஏன் தெரிவதில்லை? போன் படத்தையும் அதே அளவு பிந்த வைத்துவிடுகிறது. மேடையில் என் விரலைப் பிந்த வைக்க ஆள் இல்லை.

ஆக, தாமதத்தில் இன்-இயருக்கு நூற்றுக்கு நூறு. இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

இயர்பட்ஸ் அவ்வளவு பிந்துவது சோம்பலால் அல்ல. வரும் ஒலியைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டுதான் அது வாசிக்கிறது. நடுவே ஒரு துண்டு தொலைந்தால் "மறுபடி அனுப்பு" என்று கேட்டு வாங்க அவகாசம் இருக்கிறது. அதனால்தான் கூட்டமான ரயிலிலும் பாட்டு பெரும்பாலும் அறுபடாமல் ஓடுகிறது. இன்-இயர் செட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. 5 மில்லிசெகண்டுக்குள் எதைத் திருப்பிக் கேட்பது? தொலைந்தது தொலைந்ததுதான், காதில் மௌனம். தாமதத்தை விலையாகக் கொடுத்து இயர்பட்ஸ் நம்பகத்தை வாங்குகிறது. என் செட் நம்பகத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. இந்த விவரம் பெட்டியில் எங்கும் அச்சிடப்படவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சல், சவுண்ட் செக்கில் எல்லாம் பிரமாதமாக இருக்கும். காலி அரங்கில் வாசல் வரை நடந்து போனாலும் சிக்னல் அறுபடாது. சபை நிறைந்ததும் கதை மாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வைஃபை, ப்ளூடூத் எல்லாம் புழங்கும் பொது இடம். வந்திருக்கும் ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு போன். போதாதற்கு மனித உடலில் இருக்கும் நீர் இந்த அலைகளை விழுங்கும். அந்த நிகழ்ச்சியில் மற்றவர்கள் நிறுத்தி, கீபோர்டு மட்டும் தனியாகப் போகும் இடத்தில் அரை நொடி காது செத்துப்போனது. தரையில் மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் வேறு எங்கிருந்தாவது கேட்கும். காதை இறுக்கி அடைத்திருக்கும்போது ஒன்றுமே கேட்காது. ஒரு பக்கத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எதிரே இருந்த பெரிய ஸ்பீக்கரின் சத்தத்தை வைத்து ஒப்பேற்றினேன்.

காரணத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. காலி அரங்கிலேயே, ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பும்போது மட்டும் அறுபட்டால், உடம்பு மறைக்கிறது என்று பொருள். ரிசீவரைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்து, டிரான்ஸ்மிட்டரைப் பார்க்கும் பக்கத்தில் மாட்டினாலே சரியாகும். ஆள் வந்த பிறகு மட்டும், நின்ற இடத்திலேயே அறுபட்டால், அது நெரிசல். எனக்கு இரண்டாவது. ஆனால் பாதிக் குற்றவாளி சபையே அல்ல. மிக்சரை டேப்லெட்டில் இயக்குவதற்காக சவுண்ட் எஞ்சினியர் வைத்திருந்த வைஃபை ரவுட்டர் என் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு சாண் தள்ளி, அதே ரேக்கில் உட்கார்ந்திருந்தது. அடுத்த ஒத்திகையில் ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொன்னோம். டிரான்ஸ்மிட்டரை ஒரு மைக் ஸ்டாண்டில் கட்டி தலைக்கு மேலே உயர்த்தினோம். அதன் பிறகு அறுபடுவது வெகுவாகக் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன், நின்றுவிட்டது என்று சொல்லவில்லை.

எங்கள் பாடகர் வைத்திருப்பது, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழே சில நூறு மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யுஎச்எஃப் அனலாக் செட். தாமதம் என்ற பேச்சே இல்லை. சிக்னல் குறைந்தால் முதலில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் ஏறி எச்சரிக்கும், என்னுடையதைப் போலப் பட்டென்று செத்துப்போகாது. ஆனால் அதை எந்த அலைவரிசையில் இயக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பல செட்டுகள் ஒரே மேடையில் இருந்தால் அலைவரிசைகளைக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். 520, 521 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஓடினால் 519-லும் 522-லும் அவற்றின் கலப்படம் முளைக்கும்; மூன்றாவதை அங்கே வைத்தால் தொலைந்தது.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? இயர்பட்ஸை மேடைக்குக் கொண்டுவராதீர்கள், பாட்டு மனப்பாடம் செய்ய வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேடை முழுக்க நடப்பவர், அதனால் வயர்லெஸ் இன்-இயர் வாங்குங்கள், முடிந்தால் யுஎச்எஃப். நானோ நிகழ்ச்சி முழுக்க ஒரே ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிறவன். இத்தனை பாராட்டியும், அடுத்த நிகழ்ச்சிக்கு இடுப்பில் மாட்டும் சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்றையும் ஒரு நீளமான கேபிளையும் வாங்கிவிட்டேன். வயர்லெஸ் செட்டை விலைக்குக் கேட்டார் நண்பர். கொடுக்கவில்லை.