கணித வரலாறு படிக்க: பெல்லா, டன்ஹாமா, காட்ஸா, ப்ளாஃப்கரா?

ஓய்வு பெற்ற மறு மாதமே, கணித வரலாறு படிக்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். பி.எஸ்சி. கணக்கு முடித்தது 1981இல். அதற்குப் பிறகு வங்கியில் வட்டிக் கணக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறேன். தொகையிடல் என்றால் ஒரு வளைந்த குறி ஞாபகம் வரும், அவ்வளவுதான். இந்த நிலையில் இருப்பவருக்கு எந்தப் புத்தகம் சரிப்படும் என்று நாலு புத்தகங்களை வைத்துப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டன்ஹாமில் ஆரம்பியுங்கள். ஏன் என்பதற்கு மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கையில் கொடுப்பது ஈ. டி. பெல் எழுதிய 'மென் ஆஃப் மேதமேட்டிக்ஸ்'. 1937இல் வந்தது. எனக்கும் கல்லூரியில் ஒரு பேராசிரியர் இதைத்தான் சொன்னார். படிக்கக் கதை மாதிரி ஓடும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தூக்கம் வராது. ஆனால் கதை மாதிரி ஓடுவதுதான் அதன் வம்பும். கால்வா என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வயதுப் பையன், விடிந்தால் துப்பாக்கிச் சண்டை. அந்த ஒரே ராத்திரியில் 'நேரமில்லை, நேரமில்லை' என்று ஓரத்தில் கிறுக்கியபடி தன் கோட்பாட்டையெல்லாம் எழுதித் தள்ளினான் என்கிற சித்திரம்தான் படித்தவர் மனதில் நிற்கும். நடந்தது வேறு. 1829 முதலே அவர் தன் ஆய்வுகளை பாரிஸ் அகாடமிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1831இல் அனுப்பியதை, தெளிவாக இல்லை என்று அகாடமியின் கணித அறிஞர் புவாசோன் திருப்பிவிட்டார். 1832 மே மாதத்தில், சண்டைக்கு முந்தின இரவில் அவர் செய்தது பழைய கட்டுரையில் திருத்தங்களும், நண்பருக்கு ஒரு நீண்ட கடிதமும். 'நேரமில்லை' என்ற குறிப்பு உண்மை, ஆனால் அது ஒரு நிரூபணத்தின் பக்கத்தில் இருக்கிறது. டோனி ராத்மன் என்ற இயற்பியலாளர் 1982இல் இதையெல்லாம் ஆவணங்களோடு பிரித்துக் காட்டினார்.

சரி, பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றாலும் இன்னொரு குறை இருக்கிறது. ஆர்க்கிமிடீஸை முடித்துவிட்டு அடுத்த அத்தியாயம் நேரே டெக்கார்ட்டே. நடுவில் ஆயிரத்து எண்ணூறு வருடம். இந்தியாவுக்கோ, அரபு உலகத்துக்கோ, ஏன், இத்தாலியின் கார்டானோவுக்கோகூட அங்கே அத்தியாயம் கிடையாது.

அந்தக் கார்டானோ எனக்குக் கிடைத்தது வில்லியம் டன்ஹாமின் 'ஜர்னி த்ரூ ஜீனியஸ்' என்ற புத்தகத்தில். 1990இல் வந்தது, பன்னிரண்டு அத்தியாயம். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய தேற்றம், அதைக் கண்டவரின் கதை, பிறகு முழு நிரூபணம். பள்ளிக்கூட அல்ஜீப்ரா இருந்தால் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம். முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் ரகசியத்தை டார்டாக்லியா, வெளியே சொல்லமாட்டேன் என்ற சத்தியத்தின் பேரில் 1539இல் கார்டானோவிடம் சொன்னார். டெல் ஃபெர்ரோ என்ற இன்னொரு இத்தாலியக் கணிதர் அதை முன்பே கண்டிருந்தார் என்று பின்னால் தெரியவந்ததும், கார்டானோ 1545இல் அச்சில் போட்டுவிட்டார். கதை இதோடு நின்றிருந்தால் இதுவும் பெல் புத்தகம்தான். இங்கே அடுத்து பென்சிலை எடுக்க வேண்டியிருக்கிறது.

கார்டானோவின் புகழ்பெற்ற உதாரணம்:

x³ + 6x = 20

x என்பதை a − b என்று வைத்துக்கொள்ளுங்கள். (a − b)³ + 3ab(a − b) = a³ − b³ என்பது நமக்குப் பள்ளியிலேயே தெரிந்த முற்றொருமை. அதை நம் சமன்பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 3ab = 6, a³ − b³ = 20 என்று கிடைக்கும். அதாவது ab = 2, a³b³ = 8. வித்தியாசம் 20, பெருக்கல் 8 உள்ள இரண்டு எண்கள் எவை? இது வெறும் இருபடிச் சமன்பாடு. a³ = √108 + 10, b³ = √108 − 10. கால்குலேட்டரில் √108 என்பது 10.3923. ஆக 20.3923இன் கனமூலம் 2.732, 0.3923இன் கனமூலம் 0.732. கழித்தால் 2. சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், 8 + 12 = 20. இவ்வளவு முள்வேலிக்கு நடுவிலிருந்து ஒரு சாதாரண 2 வெளியே வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சமையலறையிலிருந்து 'என்ன?' என்று கேட்டார்கள்.

டன்ஹாமிடம் ஒரு எச்சரிக்கை. படிப்பதற்கு வசதியாக இன்றைய குறியீட்டில்தான் எழுதுகிறார். கார்டானோவிடம் x கிடையாது, எல்லாம் வார்த்தைகள்தான். எதிர்ம எண்களை வெளிப்படையாக வைத்துக்கொள்ளாததால், நமக்கு ஒன்றாகத் தெரியும் முப்படிச் சமன்பாட்டை அவர் பதின்மூன்று வகையாகப் பிரித்துத் தனித்தனியே தீர்த்தார். அந்தச் சிரமம் புரியாமல் படித்தால், பழைய ஆட்கள் நம்மைப் போலவே யோசித்தார்கள் என்று தோன்றிவிடும்.

விக்டர் காட்ஸின் 'எ ஹிஸ்டரி ஆஃப் மேதமேட்டிக்ஸ்' பாடப்புத்தகம். நம்பகமானது, சீனா, இந்தியா, இஸ்லாமிய உலகம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, அத்தியாய முடிவில் பயிற்சிக் கணக்குகளும் உண்டு. மூன்றாம் பதிப்பு 900 பக்கத்துக்கு மேல். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மார்பில் செங்கல் வைத்த மாதிரி இருக்கும். சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்க மட்டுமே. நூலகத்தில் கிடைத்தால் வாங்க வேண்டாம்.

நான்காவதுதான் என்னைத் தடுமாற வைத்தது: கிம் ப்ளாஃப்கரின் 'மேதமேட்டிக்ஸ் இன் இந்தியா', 2009. நம் ஊர்க் கணிதம் என்ற ஆசையில் இதிலிருந்தே தொடங்கினேன். இரண்டாவது அத்தியாயத்தோடு மூடிவைத்தேன். கோள்களின் இயக்கம், சைன் அட்டவணை, சமஸ்கிருதச் சூத்திர மொழி எல்லாம் கலந்து வருகிறது. எதையும் ஊதிச் சொல்லாத எழுத்து. பெருமை தேடிப் போனால் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும். டன்ஹாமை முடித்த பிறகு நேரே ஏழாம் அத்தியாயத்துக்குப் போனேன். கேரளத்தின் மாதவர் மரபு பற்றியது. அப்போதுதான் புத்தகம் திறந்துகொண்டது.

மாதவர் 14ஆம் நூற்றாண்டுக்காரர். வட்டத்தின் சுற்றளவுக்கு அவர் பெயரில் வரும் செய்யுள் சொல்வது இது: விட்டத்தை 4ஆல் பெருக்கு, 3, 5, 7 என்று ஒற்றை எண்களால் வகுத்து மாற்றி மாற்றிக் கழி, கூட்டு. ஐரோப்பாவில் இதே தொடர் கிரிகோரி, லைப்னிட்ஸ் பெயரில் 17ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. விட்டம் 1 என்று வைத்து 9 வரை போட்டுப் பார்த்தேன்.

4 − 4/3 + 4/5 − 4/7 + 4/9 = 3.33968

கேவலமான விடை. இந்தத் தொடர் நத்தை வேகம். ஆனால் செய்யுள் அங்கே முடியவில்லை. நிறுத்திய இடத்துக்கு அடுத்த இரட்டை எண்ணை எடு, விட்டத்தின் நான்கு மடங்கை அதன் பாதியால் பெருக்கு, அந்த இரட்டை எண்ணின் வர்க்கத்தோடு ஒன்று கூட்டி அதால் வகு என்கிறது. அடுத்த இரட்டை எண் 10, பாதி 5, 10இன் வர்க்கத்தோடு ஒன்று சேர்த்தால் 101. கடைசியாகக் கூட்டியதால் இப்போது கழிக்க வேண்டும்.

3.33968 − 4 × 5/101 = 3.14166

உண்மையான மதிப்பு 3.14159. ஐந்தே உறுப்பில் இவ்வளவு நெருக்கம். திருத்தம் இல்லாமல் இதே துல்லியம் வேண்டுமானால் ஏறக்குறைய 14,000 உறுப்புகள் கூட்ட வேண்டும்.

இதை ஜெசூட் பாதிரியார்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்ற ஊகத்தை ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப்பின் 'தி கிரெஸ்ட் ஆஃப் த பீகாக்' புத்தகத்தில் பார்க்கலாம். படிக்கச் சுவையான புத்தகம்தான். ஆனால் அப்படிக் கொண்டுபோனதற்கு நேரடி ஆவணம் இதுவரை கிடைத்ததில்லை என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். பெல் விஷயத்தில் ஒருமுறை சூடு பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த 101 எங்கிருந்து வந்தது என்பதில்தான் இப்போது நிற்கிறேன். உறுப்புகளின் எண்ணிக்கையை 5க்குப் பதில் 6, 7 என்று மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பிழை சுருங்குகிறது. காரணம் இன்னும் பிடிபடவில்லை.