ஆட்டோ குழாய்க்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று: புத்தகக் கண்காட்சிக் குரல் அறிவிப்பு

தெருமுனைப் புத்தகக் கடைகள் வருடாந்திரக் கண்காட்சிக்கு ஒரே குரல்பதிவைச் செய்து, அதையே ஆட்டோவிலும் ஓடவிட்டு வாட்ஸ்அப்பிலும் அனுப்புகின்றன. காசு மிச்சம்தான். ஆனால் இரண்டில் ஒரு இடத்தில் அது கட்டாயம் வீணாகும்.

ஆட்டோ மணிக்கு 10 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு வீட்டைக் கடக்கையில் சுமார் 40 மீட்டர் தூரத்துக்குச் சொற்கள் தெளிவாகக் கேட்கும் என்று வைத்தால், கிடைப்பது 14 விநாடி. அதிலும் பாதியிலிருந்துதான் காது கொடுப்பார்கள். ஆகவே 25 சொல்லுக்குள் முடித்து, விடாமல் திரும்ப ஓட்ட வேண்டும்:

“புத்தகக் கண்காட்சி! பிள்ளையார் கோயில் எதிரே, நம்ம புத்தகக் கடையில் கண்காட்சி! இந்தச் சனி, ஞாயிறு. காலை பத்து முதல் இரவு எட்டு வரை. நூறு ரூபாய்ப் புத்தகம் தொண்ணூறு ரூபாய்!”

இதில் தேதி இல்லாதது வேண்டுமென்றேதான். குழாய் ஒலிபெருக்கியில் பதினாறும் பதினேழும் ஒன்றாகக் கேட்கும், கிழமை குழப்பாது. பின்னணி இசையும் வேண்டாம், குழாயில் அது குரலை அமுக்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் கதை நேர்மாறு. “இந்தச் சனி” என்ற பதிவு குழு குழுவாகச் சுற்றி அடுத்த வாரமும் யாருக்காவது போய்ச் சேரும். அவர் பிள்ளையோடு வந்து வெறும் கடையைப் பார்ப்பார். இங்கே தேதியும் மாதமும் கிழமையும் சேர்ந்தே வர வேண்டும். நிதானமாகப் படித்தால் 30 விநாடிக்கு 50 சொல் பிடிக்கும். அதைக் கடையின் வரலாற்றில் செலவழிக்காமல், பெற்றோர் கேட்கும் கேள்விக்குக் கொடுக்கலாம்:

“எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கா? பக்கத்துக்கு ரெண்டே வரி, பெரிய எழுத்து, பக்கம் நிறையப் படம். அப்படிப்பட்ட புத்தகங்களுக்குன்னே தனி மேசை போட்டிருக்கோம்.”

இதன் பிறகு விலை, தேதி, நேரம், அடையாளம். ‘அனைத்து வயதினருக்கும்’ என்று சொன்னால் யாரும் தன் பிள்ளையை அதில் பார்ப்பதில்லை.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் எங்கள் கை ஆட்டோ பக்கமே நீளும். வாட்ஸ்அப் போவது பெரும்பாலும் ஏற்கெனவே வருகிறவர்களுக்கு. ஆனால் ஆட்டோவில் ஒலிபெருக்கி ஓட்ட முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி ஒலிக்கவும் ஆசைப்பட வேண்டாம்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம்.

ஓட்டும் முன் ஒரு சோதனை. விஷயம் தெரியாத ஒருவரைத் தெருக்கோடியில் நிறுத்தி, ஆட்டோ கடந்ததும் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இடமும் கிழமையும் தாளில் இல்லையென்றால், ஒலியைக் கூட்டாமல் சொற்களைக் குறையுங்கள்.