போனில் பறக்கும் நெட், லேப்டாப்பில் நொண்டுவது ஏன்? ஹாட்ஸ்பாட்டோடு ஒரு வருடம்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்பு வீட்டுக்கு ஃபைபர் லைன் இழுக்க முடியவில்லை. அதனால் ஒரு வருடத்துக்கும் மேலாக போன் ஹாட்ஸ்பாட்டில்தான் என் வேலை ஓடுகிறது. முதல் சில மாதங்கள் குறையே இல்லை. பிளான் மாற்றிய பிறகு லேப்டாப் மட்டும் தவழ ஆரம்பித்தது.

போனில் வேகச் சோதனை ஓட்டினால் 70 எம்பிபிஎஸ். அடுத்த நிமிடமே அதே போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பார்த்தால் 2. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது முக்கியம். எங்கள் பக்கம் போன் சில சமயம் எல்லை தாண்டி தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும்; டவர் மாறினால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

முதலில் வைஃபை மீதுதான் சந்தேகம். யூஎஸ்பி கேபிள் போட்டு டெதரிங் செய்தேன், அப்போதும் அதே 2. அன்றைய டேட்டா தீர்ந்திருந்தால் போனிலும் வேகம் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. டவரில் கூட்டம் என்றால் மாலையில் குறைந்து நள்ளிரவில் ஏறும். இதுவோ எந்த நேரத்திலும் 2-ஐத் தாண்டவில்லை, கோடு போட்டது போல ஒரே அளவு. யாரோ குழாயை முறுக்கி வைத்த மாதிரி இருந்தால் அது கட்டுப்பாடுதான், நெரிசல் இல்லை.

டேட்டா லேப்டாப்பில் இருந்து வருகிறது என்று சிம் கம்பெனிக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு டேட்டா பொட்டலத்திலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். ஆண்ட்ராய்டு போன் அனுப்புவது பொதுவாக 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல். போன் வழியாகக் கடக்கும்போது ஒன்று குறையும். 63-ஓ 127-ஓ வந்து சேர்ந்தால் பின்னால் இன்னொரு கருவி இருக்கிறது என்று பொருள். சில கம்பெனிகள் டிராஃபிக்கின் வகையையும் பார்க்கும். அதை அறிய லேப்டாப்பில் விபிஎன் போட்டுப் பாருங்கள்: வேகம் திரும்பினால் வகை பார்த்துத்தான் குறைக்கிறார்கள். எனக்குத் திரும்பவில்லை. விபிஎன்னைப் போனில் போட்டுச் சோதிப்பது வீண். பெரும்பாலான ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் டேட்டா அதன் வழியாகப் போகாது.

முழுத் தடை வேறு மாதிரி இருக்கும். லேப்டாப் இணைந்திருக்கும், ஆனால் "இன்டர்நெட் இல்லை" என்று காட்டும், போனிலோ வீடியோ ஓடும். சில போன்கள் ஹாட்ஸ்பாட் பொத்தானைத் தொட்டதுமே கம்பெனியிடம் அனுமதி கேட்டு, இல்லையென்றால் ஆன் ஆகவே விடாது. போனை கம்பெனியின் நெட்டோடு இணைக்கும் ஏபிஎன் அமைப்பு தப்பாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். புகாருக்கு முன் அதை ஒருமுறை ரீசெட் செய்துவிடுங்கள்.

கஸ்டமர் கேரில் "உங்க ஏரியாவுல சிக்னல் வீக் சார்" என்றார்கள். நேரம் தெரியும்படி எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பி, புகார் எண் வாங்கிய பிறகுதான் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். பிளான் விதிமுறைகளில் அது இருந்தது, விளம்பரத்தில் இல்லை. கொஞ்சம் விலை கூடின வேறு பிளானுக்கு மாறினேன். இப்போது போனில் 70 வரும்போது லேப்டாப்பில் 55, 60 வருகிறது. அந்தச் சின்னக் குறைவு வைஃபையுடையது.